14 பக்கக் கொள்கையை ஒரே பக்கமாக எழுதுவது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை எங்களிடம் 14 பக்கத்தில் இருக்கிறது. போன முறை பையர் தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர்கள் தையல் பிரிவில் சிலரிடம் "புகார் என்றால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டார்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இப்போது நிர்வாகம் ஒரே பக்க இன்போகிராபிக் வேண்டும் என்கிறது. ஒரு தலைப்பு, மூன்று கட்டம், படங்களுக்குக் கீழே குறிப்புகள். வடிவமைப்பவர் வாசகத்தை என்னிடம் கேட்கிறார். எழுதிப் பார்த்தேன், எதை விட்டாலும் சட்டப்படி தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கொள்கையையும் என் முதல் வரைவையும் இணைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள்.
திருப்பூர் வாசகி

பதில்:

உங்கள் வரைவில் எழுத்துப் பிழை இல்லை. சட்டத்துக்கு முரணான வரியும் இல்லை. ஆனாலும் அது ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் போய்ச் சேராது. காரணம் மூன்று கட்டங்களுக்கும் நீங்கள் வைத்த பெயரிலேயே தெரிகிறது: நோக்கம், வரையறை, நடைமுறை. இது உங்கள் கொள்கையின் பொருளடக்கம். வழக்கறிஞர் எந்த வரிசையில் எழுதினாரோ அதே வரிசையில் 14 பக்கத்தை ஒரு பக்கமாக நெருக்கி வைத்திருக்கிறீர்கள்.

சுவரொட்டியின் முன் நிற்பவளுக்கு இந்த வரிசை உதவாது. நேற்று வேனில் ஒருவன் இடித்துக்கொண்டே வந்தான். அவளுக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். இதைப் புகாராகச் சொல்லலாமா? யாரிடம் சொல்வது? சொன்னால் எனக்கு என்ன ஆகும்? மூன்று கட்டங்களும் இந்த மூன்று கேள்விகள்தான். கேள்விகளையே கட்டங்களின் தலைப்பாக வையுங்கள். பிறகு எதை விடுவது என்ற உங்கள் கவலை பாதிக்குமேல் குறைந்துவிடும். இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதிலாக வராத எந்த வரிக்கும் சுவரில் இடமில்லை.

உங்கள் கொள்கையின் முதல் இரண்டரைப் பக்கம் அப்படியே போய்விடும். 1997 விசாகா தீர்ப்பு, 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் முழுப்பெயர், நிறுவனத்தின் விழுமியங்கள் எல்லாம் ஆடிட்டருக்கும் நீதிமன்றத்துக்கும் உரியவை, கோப்பில் இருக்கட்டும். கம்பெனிக்குள் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவின் கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும், ஆண்டறிக்கையை யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற பகுதிகளும் அப்படியே. புகாரை ஆறு நகல்களாகத் தர வேண்டும் என்ற விதியையும் சுவரொட்டியில் போடாதீர்கள். அது சட்ட விதிகளில் உள்ளதுதான். ஆனால் நகல் எடுப்பது குழு உறுப்பினர் உடனிருந்து செய்துதரக்கூடிய வேலை. "ஆறு நகல்" என்று படித்ததும் ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டுமா, அங்கே யாராவது படித்துவிடுவார்களா என்று பயந்து அவள் புகாரையே விட்டுவிடுவாள்.

விடக்கூடாத ஒன்றும் உண்டு. 2013 சட்டத்தின் 19ஆவது பிரிவு முதலாளிக்கு இரண்டு விஷயங்களை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைக்கும் கடமையைத் தருகிறது. பாலியல் துன்புறுத்தலுக்கு என்ன தண்டனை என்பது ஒன்று. உள்ளகப் புகார் குழுவை அமைத்த ஆணை மற்றொன்று. முதலாவதை உங்கள் மூன்றாவது கட்டத்தில் ஒரு வரியில் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது ஓர் ஆணை. அதைச் சுருக்கிப் போட முடியாது. கையெழுத்திட்ட அந்த ஆணையின் நகலைச் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே தனியாக ஒட்டச் சொல்லுங்கள். இன்போகிராபிக் வந்துவிட்டது என்று பழைய ஆணையைக் கிழித்துவிடும் பழக்கம் பல கம்பெனிகளில் இருக்கிறது.

எழுத உட்காருவதற்கு முன் மூலத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கொள்கையின் 11ஆம் பக்கம் இன்னும் இந்திய தண்டனைச் சட்டம் 354ஏ என்றே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவு. சுவரொட்டியில் பிரிவு எண்ணே வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் கொள்கையில் உள்ள பழைய எண்ணைத் திருத்தாமல் அதிலிருந்து சுருக்கம் எடுத்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆடிட்டர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

இப்போது சுருக்கும் வேலைக்கு வருவோம். உங்கள் கொள்கையின் ஆறாம் பக்கத்துப் பத்தியையே எடுத்துக்கொள்கிறேன்:

"பாதிக்கப்பட்ட பெண் எவரும், சம்பவம் நடைபெற்ற தேதியிலிருந்தோ, தொடர் சம்பவங்களாயின் இறுதிச் சம்பவம் நடைபெற்ற தேதியிலிருந்தோ, மூன்று மாத காலத்திற்குள் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். எழுத்துப்பூர்வமாக அளிக்க இயலாத நிலையில் குழுவின் தலைவரோ உறுப்பினரோ தக்க உதவி அனைத்தையும் அளித்தல் வேண்டும். தக்க காரணம் உண்டெனக் குழு கருதுமாயின் அக்காரணத்தைப் பதிவு செய்து, மேலும் மூன்று மாதங்களுக்கு மிகாமல் காலவரம்பை நீட்டிக்கலாம்."

உங்கள் வரைவில் இது "3 மாதத்திற்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும்" என்று ஒரே வரியாகிவிட்டது. நீளம் சரி. ஆனால் பத்தியில் அவளுக்குச் சாதகமாக இருந்த மூன்றும் காணாமல் போய்விட்டன. அவளைத் தடுக்கக்கூடிய இரண்டு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. படிப்பவள் என்ன புரிந்துகொள்வாள்? எனக்கு எழுத வராது, அதனால் முடியாது. ஜனவரியில் ஆரம்பித்தது, இப்போது ஜூன், அதனால் முடியாது. இரண்டும் தவறான முடிவுகள். சட்டம் "முடியும்" என்று சொல்லும் இடத்தில் உங்கள் சுருக்கம் "முடியாது" என்று சொல்லிவிடுகிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நடந்து 3 மாதத்துக்குள் சொல்லுங்கள். பலமுறை நடந்திருந்தால், கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. எழுத வராதா? குழுவினர் உதவ வேண்டும். அது அவர்கள் கடமை. 3 மாதம் தாண்டிவிட்டாலும் வந்து சொல்லுங்கள். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்."

உங்கள் வரியைப் போலப் பல மடங்கு நீளம் இருந்தாலும் மூலத்தைவிடக் குறைவுதான். இன்னும் சுருக்க வேண்டுமென்றால் நான் கடைசி வாக்கியத்தைத்தான் தொடுவேன். அப்போதும் "3 மாதம் தாண்டிவிட்டாலும் வந்து கேளுங்கள்" என்பது மிஞ்ச வேண்டும். விதியையும் விலக்கையும் சேர்த்துத்தான் சுருக்க வேண்டும். இடமில்லை என்றால் இன்னொரு விதியை முழுதாக எடுத்துவிடுங்கள். இருக்கும் விதியை அரைகுறையாக விடாதீர்கள்.

இந்த அரைகுறை ஆபத்து உங்கள் வரைவில் இன்னும் இரண்டு இடங்களில் இருக்கிறது. அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, சிவப்பு எழுத்தில் நீங்கள் போட்டிருக்கும் "பொய்ப் புகார் அளித்தால் கடும் நடவடிக்கை". நிர்வாகம் கேட்டிருக்கும் என்று புரிகிறது. சட்டத்தின் 14ஆவது பிரிவில் இது இருக்கிறதுதான். ஆனால் அதே பிரிவு, புகாரை நிரூபிக்க முடியவில்லை, போதிய ஆதாரம் தர முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் செய்தவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. தீய நோக்கத்தோடு செய்தது தனி விசாரணையில் உறுதியான பிறகுதான் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க முடியும். சாட்சியே இல்லாத இடத்தில் நடந்ததைச் சொல்ல வரும் பெண்ணுக்கு இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். முதல் பாதியை மட்டும் சிவப்பில் போட்டால் உங்கள் சுவரொட்டி புகார் வராமல் தடுக்கும் பலகையாகிவிடும். என் பரிந்துரை இரண்டாம் பாதியை மட்டும் போடுவது. நிர்வாகம் விடாப்பிடியாக இருந்தால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில், ஒரே நிறத்தில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

இரண்டாவது, "உங்கள் புகார் யாருக்கும் தெரியாது". இது நல்லெண்ணத்தில் எழுதிய வரி, ஆனால் உண்மையல்ல. புகாரின் ஒரு நகலை ஏழு வேலை நாளுக்குள் குழு எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். பதில் சொல்ல அவருக்குப் பத்து வேலை நாள் உண்டு. யாருக்கும் தெரியாது என்று நம்பி வந்தவள், அடுத்த வாரம் அதே லைன் சூப்பர்வைசர் கையில் தன் புகாரைப் பார்த்தால் கம்பெனி தன்னை ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைப்பாள். அவளிடம் கேட்டுவிட்டு இன்னும் பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். சட்டம் தடை செய்வது பெயரையும் புகாரையும் விசாரணை விவரத்தையும் வெளியே பரப்புவதைத்தான். ஆகவே இப்படி எழுதுங்கள்: "உங்கள் பெயரை வெளியே பரப்பக்கூடாது, சட்டம் தடுக்கிறது. புகாரின் நகல் யார்மேல் புகாரோ அவருக்குத் தரப்படும்." இரண்டாம் வாக்கியத்தைப் படித்ததும் பயம் வரும் என்பீர்கள். வரும். அதனால் அதற்கு அடுத்த வரியிலேயே இடைக்கால ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும்: விசாரணை நடக்கும்போது அவளையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றும்படியோ, மூன்று மாதம் வரை விடுப்போ எழுதிக் கேட்கலாம். இந்த விடுப்பு அவளுக்கு ஏற்கெனவே உரிய விடுப்போடு சேராது, கூடுதல்.

"அவளையோ அவரையோ" என்பதில் அழுத்தம் கொடுங்கள். பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கு லைன் மாறினால் பழகிய ஆபரேஷன் போய்விடும். கை வேகம் வரும்வரை வாரக்கூலி குறையும். மாற்றம் என்றால் தனக்குத்தான் என்று நினைத்தே பலர் கேட்பதில்லை.

தலைப்புக்கு வருகிறேன். "பாதுகாப்பான பணியிடம், பெருமைமிகு நம் நிறுவனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. "மௌனம் கலைப்போம்" போன்ற முழக்கங்களையும் நான் ஏற்பதில்லை. பேசாமல் இருந்தது அவள் தப்பு என்று ஒலிக்கும். நல்ல தலைப்புக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: கேன்டீனுக்கு நடந்துபோகிறவள் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் அவள் செய்ய வேண்டியது அதில் இருக்க வேண்டும். எப்போது, எதற்குள், யாரிடம் என்ற மூன்றும் ஒரு மூச்சில் வந்துவிட வேண்டும்.

முழு வாசகத்தையும் கீழே தருகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; உங்கள் கொள்கையோடு ஒப்பிட்டு மாற்றியும் கொள்ளலாம்.

தலைப்பு: வேலை இடத்தில் பாலியல் தொல்லையா? 3 மாதத்துக்குள் சொல்லுங்கள். கேட்க நம் கம்பெனியில் குழு இருக்கிறது.

கட்டம் 1. எதையெல்லாம் சொல்லலாம்?
விருப்பமில்லாமல் தொடுவது, உரசுவது. ஆபாசமாகப் பேசுவது. செல்போனில் ஆபாசப் படம் காட்டுவது. "நான் சொல்வதைக் கேட்டால் நல்ல வேலை, இல்லாவிட்டால் வேலையே இல்லை" என்று பாலியல் நோக்கத்தோடு மிரட்டுவது. நீங்கள் விரும்பாத வேறு எந்தப் பாலியல் நடத்தையும். செய்தவர் சூப்பர்வைசர், மாஸ்டர், கான்ட்ராக்டர், டிரைவர் யாராக இருந்தாலும் சொல்லலாம்.
படக்குறிப்பு (கம்பெனி வேன்): ஏறுவது முதல் இறங்குவது வரை இந்த வேனும் வேலை இடம்தான்.

கட்டம் 2. யாரிடம் சொல்வது?
கீழே படம் உள்ள நால்வரில் யாரிடம் வேண்டுமானாலும். எழுத வராதா? அவர்கள் உதவ வேண்டும்; அது அவர்கள் கடமை. பலமுறை நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதம். தாண்டிவிட்டாலும் வந்து கேளுங்கள். தொல்லை தந்தவர் முதலாளியே என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போங்கள். போலீசிலும் புகார் தரலாம். பெண்கள் உதவி எண் 181.
படக்குறிப்பு (வெளி உறுப்பினர்): இவர் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர் அல்ல. வெளியிலிருந்து வந்து விசாரிப்பவர்.

கட்டம் 3. சொன்ன பிறகு என்ன நடக்கும்?
90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். அதுவரை உங்களையோ தொல்லை தந்தவரையோ வேறு இடத்துக்கு மாற்றும்படியோ, விடுப்போ எழுதிக் கேட்கலாம். பெயரை வெளியே பரப்பக்கூடாது. புகாரின் நகல் மட்டும் அவருக்குத் தரப்படும். நிரூபிக்க முடியாமல் போனாலும் அதற்காக மட்டும் உங்கள்மேல் நடவடிக்கை இல்லை. உறுதியானால் அவருக்கு எச்சரிக்கை முதல் வேலைநீக்கம் வரை; நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் 3 ஆண்டு வரை சிறை.
படக்குறிப்பு (நாள் பட்டை): விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10 நாள், கம்பெனி நடவடிக்கைக்கு 60 நாள். இவற்றைத் தாண்டக்கூடாது.

அடி வரி: முழுக் கொள்கை எச்.ஆர். அலுவலகத்தில், யாரும் கேட்டுப் படிக்கலாம். அச்சிட்ட தேதி. இந்த யூனிட்டின் குழு உறுப்பினர்கள், செல்போன் எண்கள்.

இதில் சில தேர்வுகளுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் கேட்பார்கள்.

முதல் கட்டத்தில் சட்டத்தின் வரையறையைக் காட்சிகளாக மாற்றியிருக்கிறேன். சட்டம் ஐந்து வகை சொல்கிறது: உடல் தொடர்பும் அதற்கான முயற்சியும், பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பத்தகாத மற்றெந்தப் பாலியல் நடத்தையும். இணக்கம் கேட்பதை மட்டும் நான் வேலையைக் காட்டி மிரட்டுவதோடு சேர்த்து ஒரே காட்சியாக்கியிருக்கிறேன். பின்னலாடைத் தொழிலில் அது பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஐந்தாவது வகையை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். விட்டால் மற்ற நான்கில் இல்லாத ஒன்றைச் சந்தித்தவள் இது புகாரில் சேராது என்று போய்விடுவாள். முறைத்துப் பார்ப்பது, பின்தொடர்வது, இரவில் தேவையில்லாமல் போன் செய்வது எல்லாம் அந்த வரியில்தான் வந்து நிற்கின்றன.

வேனை ஏன் படமாகப் போட வேண்டும்? கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியையும் சட்டம் பணியிடமாகக் கணக்கில் கொள்கிறது. ஆனால் இது தொழிலாளர்களில் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது. பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இருட்டில் ஏறி இருட்டில் இறங்கும் பெண்களுக்கு ஆபத்து நிறைந்த நேரம் அந்தப் பயணம். கேட்டுக்கு வெளியே நடந்தால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று சூப்பர்வைசர்களே சொல்லிவிடுகிறார்கள். உங்கள் கொள்கையின் மூன்றாம் பக்கம் கம்பெனி விடுதியையும் சேர்த்திருக்கிறது. வேன் படத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் விடுதியையும் அதே குறிப்பில் சேருங்கள்.

படக்குறிப்பு எழுதும்போது படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லாதீர்கள். வேன் படத்துக்குக் கீழே "கம்பெனி வேன்" என்று எழுதினால் அந்த வரி வீண். படம் சொல்ல முடியாததைக் குறிப்பு சொல்ல வேண்டும். உங்கள் வடிவமைப்பவர் மாதிரியாக அனுப்பிய, முகத்தை மூடி அழும் பெண்ணின் படத்துக்கு உங்களால் ஒரு குறிப்பும் எழுத முடியவில்லை; "வேண்டாம்!" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். குறிப்பு வராத படம் அந்தப் பக்கத்துக்குத் தேவையில்லாத படம். அந்த இடத்தில் குழு உறுப்பினர்களின் உண்மையான முகங்களைப் போடுங்கள், அவர்கள் ஒப்புதலோடு. படிக்கத் தெரியாதவளும் முகத்தைப் பார்த்து, "செக்கிங்கில் இருக்கும் அந்த அக்காதானே" என்று அடையாளம் கண்டுகொள்வாள். வடிவமைப்பவருக்கு வாசகத்தை மட்டும் அனுப்பாமல், ஒவ்வொரு படத்துக்கும் என்ன தெரிய வேண்டும், கீழே என்ன வரி என்று இரண்டு பத்தியாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அவர் இடத்துக்கேற்ப வரியை வெட்டிவிடுவார். எந்த வரியை வெட்டக்கூடாது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

"நால்வர்" என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அமைப்பு: தலைவராக மூத்த பெண் ஊழியர் ஒருவர், ஊழியர்களில் குறைந்தது இருவர், வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் குழு பெரிதென்றால் எண்ணை மாற்றுங்கள். இன்னொன்று, உங்களுக்கு நிட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், பேக்கிங் ஓரிடம் என்று யூனிட்டுகள் பிரிந்திருப்பதாகக் கொள்கையில் பார்த்தேன். சட்டப்படி ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனிக் குழு வேண்டும். ஆகவே மேலே உள்ள வாசகம் எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். முகங்களும் பெயர்களும் எண்களும் யூனிட்டுக்கு யூனிட் மாறட்டும். தலைமை அலுவலகத்துக் குழுவின் எண்ணை எல்லா யூனிட்டிலும் ஒட்டினால் பேக்கிங் பெண்ணுக்கு அது முகம் தெரியாதவர்களின் எண். உங்களுக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட் எதிலாவது பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அங்கே உள்ளகக் குழு அமைக்கும் கடமை இல்லை. அவர்கள் போக வேண்டிய இடம் மாவட்ட உள்ளூர்க் குழு. அதன் முகவரியையும் எண்ணையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கேட்டு வாங்கிப் போடுங்கள். இணையத்தில் கிடைத்ததை நம்பி அச்சிட வேண்டாம்.

சிறைத் தண்டனை வரியில் ஒரு கவனம். மூன்று ஆண்டு வரை என்பது தொடுதல், இணக்கம் கேட்டல், ஆபாசப் படம் காட்டுதல் போன்றவற்றுக்கு. பாலியல் சாயலுள்ள பேச்சுக்கு ஓராண்டு வரை. இரண்டிலும் அபராதமும் உண்டு, சிறைக்குப் பதிலாகவும் அபராதம் விதிக்கலாம். "வரை" என்ற சொல் இருப்பதால் சுவரொட்டி வரி தவறில்லை. அதை எடுத்துவிட்டு "3 ஆண்டு சிறை" என்று பெரிதாகப் போட்டால் தவறு. வடிவமைப்பவர்கள் எண்ணைப் பெரிதாக்கிப் பக்கத்துச் சொல்லைக் கைவிடும் இடம் இது. ப்ரூப் பார்க்கும்போது முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது கொள்கையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். பக்க எண் தர முடியாத வரி உங்கள் சொந்தச் சேர்க்கை. அதை எடுத்துவிடுங்கள் அல்லது கொள்கையில் சேருங்கள். இந்தப் பிரதியைத்தான் வழக்கறிஞருக்கும் வெளி உறுப்பினருக்கும் காட்ட வேண்டும். வெறும் சுவரொட்டியைக் காட்டினால் வழக்கறிஞர் விட்டுப்போனதையெல்லாம் திரும்பச் சேர்க்கச் சொல்வார். பக்க எண்ணோடு காட்டினால் இருப்பது சரியா என்று மட்டும் பார்ப்பார்.

பிறகு ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்து, தையல், கட்டிங், செக்கிங் என்று பிரிவுக்கு ஒருவராகக் கூப்பிட்டு, தனித்தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்பார்கள். தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "உன் தங்கைக்குப் போன வாரம் வேனில் இப்படி நடந்தது, நீ அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவாய்?" என்று கேளுங்கள். "எச்.ஆர். மேடத்திடம்" என்று பதில் வந்தால் இரண்டாம் கட்டம் வேலை செய்யவில்லை, முகங்களை இன்னும் பெரிதாக்க வேண்டும். "வேனில் நடந்ததற்குக் கம்பெனி என்ன செய்யும்?" என்றால் வேன் குறிப்பு போய்ச் சேரவில்லை. "சாட்சி இல்லையே" என்று தயங்கினால் மூன்றாம் கட்டத்தில் நிரூபணம் பற்றிய வரியை மேலே கொண்டுவாருங்கள். ஆண்களிடமும் இதே தாளைக் கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு முதல் கட்டமும் தண்டனை வரியும் தெரிந்தால் போதும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்கள் உங்கள் விடுதியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியிலும் ஒடியாவிலும் தனித் தாள் போடுங்கள். ஒரே தாளில் மூன்று மொழியை நெருக்கினால் எதையும் யாரும் படிக்க முடியாது. 14 பக்கத்தை மொழிபெயர்த்து அதைச் சுருக்கச் சொல்லாமல், முடிந்துபோன இந்த ஒரு பக்கத்தை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அந்த மொழிப் பெண் ஒருவரிடம் கொடுத்து மேலே சொன்ன கேள்வியையே கேளுங்கள்.

ஒட்டும் இடம் வாசகத்தைப் பாதிக்கும் என்பதால் அதையும் சொல்கிறேன். லைன் சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அதன் முன் நின்று படிப்பதே எல்லோரும் பார்க்கும் செயலாகிவிடும். பெரிய பிரதி கேன்டீனில் இருக்கட்டும். ஆண், பெண் எல்லோரும் பார்க்க வேண்டியது அது. ஏ4 பிரதியைப் பெண்கள் கழிப்பறையின் உள்பக்கம், கதவு மூடிய பிறகு கண்ணில் படும் இடத்தில் லேமினேட் செய்து ஒட்டுங்கள். செல்போன் எண்ணை நிதானமாகக் குறித்துக்கொள்ள முடிவது அங்கேதான்.

பெயர்ப் பட்டையை மட்டும் தனித் துண்டாக அச்சிட்டுக் கீழே ஒட்டும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள். குழு உறுப்பினர் ஒருவரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போக முடியாது. திருப்பூரில் அதற்கு முன்பே பலர் கம்பெனி மாறிவிடுவார்கள். யாராவது விலகினால் அன்றைக்கே அந்தத் துண்டை மாற்றும் பொறுப்பை உங்கள் பிரிவில் ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.